ஐநூறு ரூபாய்க்கும் ஒரு ரசீது

இந்திய அறக்கட்டளை ஒன்றின் நூலகத்துக்கு ஒருவர் ஐநூறு ரூபாய் ரொக்கமாகத் தருகிறார். ரசீதில் வரிசை எண், தேதி, கொடுத்தவரின் பெயர், முகவரி, எண்ணிலும் எழுத்திலும் தொகை, செலுத்திய முறை, நோக்கம் ஆகியவை இருக்க வேண்டும். தொகை சிறிதென்று பெயரையும் முகவரியையும் விட்டுவிடக் கூடாது. அவை பதிவாகாத நன்கொடைகள் வரம்பை மீறினால், பொது அறக்கட்டளை 30 சதவீதம் வரி கட்ட நேரும்.

நோக்கத்தையும் கொடுத்தவர் சொன்னபடியே எழுத வேண்டும். “புத்தகம் வாங்க” என்று தந்த பணத்தைப் பொது நிதி என்று எழுதினால், தணிக்கையின்போது கணக்கு ஒத்துப்போகாது.

நன்கொடைக்கான வரிச்சலுகைக்கு ரூ. 2,000 வரையிலான ரொக்கமே ஏற்கப்படும். அதற்குமேல் காசோலையாகவோ வங்கி வழியாகவோ தர வேண்டும்.

ரசீதின் இறுக்கம் நன்றிக் கடிதத்துக்கு வேண்டாம். “தாங்கள் அளித்த ஐநூறு ரூபாய் சிறுவர் புத்தகங்கள் வாங்கப் பயன்படும். மனமார்ந்த நன்றி. ரசீது எண் 214 இத்துடன் உள்ளது” என்பது போதும். “சிறு தொகையானாலும்” என்ற சொல்லும், அடுத்த நன்கொடைக்கான வேண்டுகோளும் அதில் இடம்பெறக் கூடாது.