துக்கச் செய்திக்கு ஒரு LOL

ஆங்கிலம் பேசும் நாடுகளில் பல ஆண்டுகளாகக் கைமாறிவரும் ஒரு குட்டிக் கதை உண்டு. கைப்பேசியில் குறுஞ்செய்தி அனுப்பப் புதிதாகக் கற்றுக்கொண்ட பாட்டி ஒருவர், பேரப்பிள்ளைகளின் செய்திகளில் LOL என்ற மூன்றெழுத்தை அடிக்கடி பார்க்கிறார். ‘லாட்ஸ் ஆஃப் லவ்’, அதாவது ‘நிறைய அன்புடன்’ என்பதைத்தான் பிள்ளைகள் அப்படிச் சுருக்கி எழுதுகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறார். ஒருநாள் நெடுநாள் தோழியிடமிருந்து செய்தி வருகிறது. கணவர் அன்று காலை தவறிவிட்டார். பாட்டி கலங்கிப்போய்ப் பதில் எழுதுகிறார்: “கேட்டதும் மனசே உடைந்துபோனது. உன்னையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். LOL.”

அந்த மூன்றெழுத்தை உலகம் படிப்பது வேறு விதமாக. ‘லாஃபிங் அவுட் லவுட்’, அதாவது ‘வாய்விட்டுச் சிரிக்கிறேன்’.

கதைக்குப் பல வடிவங்கள் இருக்கின்றன. ஒன்றில் பாட்டிக்குப் பதில் அம்மா வருகிறார். பெரியத்தை இறந்த செய்தியை உறவினர் எல்லோருக்கும் LOL போட்டு அனுப்பிவிடுகிறார். “இதில் சிரிக்க என்னம்மா இருக்கு?” என்று மகன் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிகிறது. ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கூப்பிட்டு விளக்க வேண்டுமே என்று பதறுகிறார். ஆள் மாறினாலும் அமைப்பு ஒன்றுதான்: நெடுநாள் யார் கண்ணிலும் படாமல் இருந்த பிழை, ஒரு சாவுச் செய்தியில் வெளியே வருகிறது.

கேட்பவர்கள் சிரித்துவிட்டு, ‘வயதானவர்களுக்கு இதெல்லாம் எங்கே புரியும்’ என்று முடித்துவிடுவார்கள். அந்த முடிவு தவறு. அதற்குச் சான்று 2012ஆம் ஆண்டு மே 11ஆம் தேதி லண்டனில், விசாரணை ஆணையம் ஒன்றின் முன்னால் பதிவானது. பிரிட்டிஷ் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய நீதிபதி லெவசன் தலைமையில் அமைந்த ஆணையம் அது. ‘தி சன்’ நாளிதழின் முன்னாள் ஆசிரியர் ரெபெக்கா ப்ரூக்ஸ் அன்று சாட்சியம் அளித்தார். பிரதமர் டேவிட் கேமரன் தமக்கு அனுப்பும் குறுஞ்செய்திகளை எப்படி முடிப்பார் என்று கேட்டார்கள். பெரும்பாலும் தம் பெயரின் முதலெழுத்துகளான DC என்று கையொப்பமிடுவார். சில சமயம் LOL என்று முடிப்பார். ‘நிறைய அன்புடன்’ என்று நினைத்துத்தான் அப்படி எழுதினார். அதன் உண்மையான பொருளைத் தாம் சொன்ன பிறகு நிறுத்திவிட்டார் என்றார் ப்ரூக்ஸ்.

கேமரனுக்கு அப்போது 45 வயதுதான். ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், ஆங்கிலமே தாய்மொழி. அப்படிப்பட்டவரும் பாட்டியும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்றால், அந்தப் பொருளுக்கு இட்டுச்செல்லும் வழி ஏதோ ஒன்று நன்றாகவே போடப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அந்த வழியின் முதல் பாதி, கடிதம் எழுதும் பழக்கம். ஆங்கிலக் கடிதத்தில் நெருங்கியவர்களுக்கு எழுதும்போது, நம் கடிதங்களில் ‘இப்படிக்கு, அன்புள்ள’ என்று வரும் இடத்தில் ‘லாட்ஸ் ஆஃப் லவ்’ என்று எழுதுவது பழைய வழக்கம். முதலெழுத்துகளால் பேசுவதும் அந்தத் தலைமுறைக்குப் புதிதல்ல. அழைப்பிதழின் அடியில் RSVP இருக்கும். கல்லறையில் RIP இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காதலர்கள் உறையை ஒட்டிவிட்டு, அதன் பின்புறத்தில் SWALK என்று எழுதினார்கள். ‘அன்பு முத்தத்தால் ஒட்டப்பட்டது’ என்பதன் சுருக்கம் அது. கடிதத்தின் கடைசியில் x போட்டால் முத்தம். இப்படிப்பட்ட வழக்கங்களுக்கு நடுவே வளர்ந்தவருக்கு, செய்தியின் கடைசி வரியில் L என்ற எழுத்து இரண்டு முறை வந்தால் முதலில் தோன்றுவது அன்புதான்.

வழியின் மறுபாதியைப் போட்டுக்கொடுத்தவர்கள் பேரப்பிள்ளைகள். LOL பிறந்தது 1980களில், கணினித் திரையில் எழுத்தால் உரையாடியவர்கள் நடுவே. எதிரில் இருப்பவர் சிரிப்பது கண்ணில் படாது, காதில் விழாது. அதனால் சிரித்தவர் ‘சிரித்தேன்’ என்று எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. ஆனால் காலப்போக்கில் சிரிப்பு அதிலிருந்து கரைந்துபோனது. ‘வீட்டுக்குக் கிளம்பிட்டேன் LOL’, ‘இன்னும் சாப்பிடல LOL’ என்றெல்லாம் எழுதினார்கள். யாரும் சிரிக்கவில்லை, சிரிக்க அங்கே ஒன்றும் இல்லை. மொழியியலாளர் ஜான் மெக்வோர்ட்டர் 2013ஆம் ஆண்டு ஆற்றிய உரை ஒன்றில் இதை எடுத்துக் காட்டினார். எழுதுபவரும் படிப்பவரும் ஒரே மனநிலையில் இருக்கிறார்கள் என்று உணர்த்தும் சிறு அடையாளமாக LOL மாறிவிட்டது என்பது அவர் கருத்து. பேச்சின் கடுமையைக் குறைத்து, நெருக்கத்தைக் காட்டும் வேலையைத்தான் அது செய்கிறது.

பாட்டி அகராதியைப் புரட்டவில்லை. வந்த செய்திகளைப் பார்த்துப் பொருளை ஊகித்தார். நெருக்கத்தைக் காட்ட, வாக்கியத்தின் கடைசியில் இடுவது என்று அவர் கண்டது அநேகமாகச் சரி. விரிவாக்கத்தில்தான் பிசகினார்.

இனி, கதையின் ஆழமான பகுதி. இந்தப் பிழை ஏன் இத்தனை நாள் பிடிபடாமல் இருந்தது? அவர் அனுப்பியிருக்கக்கூடிய செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் தெரியும். ‘பிறந்தநாள் வாழ்த்துகள் LOL’ என்கிறார். பேரன் சிரிப்பு என்று படித்தாலும் மகிழ்ச்சியான செய்தி, அன்பு என்று படித்தாலும் மகிழ்ச்சியான செய்தி. ‘கேக் கொஞ்சம் கருகிவிட்டது LOL’ என்கிறார். சிரிப்பு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. ‘ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு LOL’ என்கிறார். பேத்திக்குச் சற்று விநோதமாகப் படலாம். ஆனால் அவளும் அவள் தோழிகளும் இதே போலக் காரணமில்லாமல் LOL போடுபவர்கள். பாட்டி நம் காலத்து ஆளாக மாறிவிட்டார் என்று எண்ணி விட்டுவிடுவாள். இந்தப் பக்கம், பிள்ளைகள் அனுப்பும் ஒவ்வொரு LOLஐயும் பாட்டி அன்பாகவே வாங்கிக்கொள்கிறார். எந்த இடத்திலும் இடறவில்லை.

இரண்டு பொருளும் ஒன்றாகவே பொருந்தும் இடங்களில் தவறான பொருள் தன்னைக் காட்டிக்கொள்ளாது. இரண்டும் எதிரெதிராகப் பிரியும் ஓர் இடம் வேண்டும். சிரிப்பு கொடுமையாகவும் அன்பு தேவையாகவும் இருக்கும் ஓர் இடம். அது சாவு, விபத்து, நோய் பற்றிய செய்திதான். கதை ஒவ்வொரு வடிவத்திலும் துக்க வீட்டுக்கே போய் நிற்பதற்குக் காரணம் இதுவே. பிழை வெளிப்படக்கூடிய முதல் இடமே, பிழை செய்யக் கூடாத இடமாக அமைந்துவிடுகிறது.

நேரில் என்றால் இது நடக்காது. துக்கம் கேட்கப் போனவர் வாய்தவறி ஏதாவது சொன்னால் எதிரிலிருப்பவரின் முகம் மாறும்; அந்த மாற்றத்தைப் பார்த்த கணமே சொன்னவர் திருத்திக்கொள்வார். தொலைபேசியில் முகம் இல்லாவிட்டாலும் குரல் இருக்கிறது. குறுஞ்செய்தியில் இரண்டும் இல்லை. இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பதை ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு அளந்து காட்டியது. சில வாக்கியங்களைக் கேலியாகவும் சிலவற்றை உண்மையாகவும் ஒருவர் சொல்ல வேண்டும். எது எந்த வகை என்று மற்றவர் கண்டுபிடிக்க வேண்டும். மின்னஞ்சலானாலும் குரலானாலும் நூற்றுக்கு 78 வாக்கியங்கள் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். குரலில் 73 சரியாகப் புரிந்தன. மின்னஞ்சலில் 56 மட்டுமே. நாணயத்தைச் சுண்டிப்போட்டு விடை சொன்னாலே 50 கிடைக்கும்.

அனுப்புபவருக்கு ஏன் அத்தனை நம்பிக்கை? எழுதும்போது தம் குரல் தம் மனத்துக்குள் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. படிப்பவருக்கும் அதே தொனி கேட்கும் என்று எண்ணிவிடுகிறார். பாட்டியின் மனத்தில் ஒலித்தது தழுதழுத்த குரல். தோழியின் திரைக்குப் போய்ச் சேர்ந்தது மூன்று எழுத்து.

அதைப் படித்த தோழியும் உடனே கேட்கமாட்டார். கணவரைப் பறிகொடுத்த அன்று, ‘ஏன் சிரித்தாய்’ என்று சண்டைக்குப் போக யாருக்கும் மனம் வராது. அவர் பேசாமல் இருந்துவிடுவார். அந்த மௌனத்தைத் துக்கத்தின் மௌனம் என்று பாட்டி எடுத்துக்கொள்வார். பெரும்பாலான தவறுகளுக்கு எதிர்ப்பு வரும், அதனால் திருத்தம் வரும். இரங்கல் செய்தியில் செய்யும் தவறுக்கு எதிர்ப்பே வராமல் போகலாம்.

எனவே இதைக் கண்டுபிடித்துச் சொல்லும் பொறுப்பு வீட்டிலிருக்கும் மூன்றாவது ஆளுக்கு வருகிறது. பெரியவரின் செய்தியில் பொருந்தாத ஒன்று தென்பட்டால், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சிரிப்பைக் குறிக்கும் LOL, சிரிப்பூட்டிய வாக்கியத்தை ஒட்டியே வரும். ‘அன்புடன்’ என்று நினைத்து எழுதப்படும் LOL எல்லாச் செய்தியிலும் கடைசியாக, பல சமயம் கையொப்பத்துக்கு முன்னால் தனித்து நிற்கும். பழைய செய்திகளில் நாலைந்தைப் புரட்டினாலே வேறுபாடு தெரிந்துவிடும். திருத்தத்தை இன்னொரு குறுஞ்செய்தியாக அனுப்புவதில் பயனில்லை. பாட்டியே தோழியை அழைத்து, ‘அன்புடன் என்று நினைத்துத்தான் போட்டேன்’ என்று தம் வாயால் சொன்னால், முதல் செய்தியில் விட்டுப்போன குரலும் அதோடு போய்ச் சேரும்.

இன்றைய வாட்ஸ்அப் குழுக்களில் LOL குறைந்து, முகப்படங்கள் நிறைந்துவிட்டன. தமிழ்க் குடும்பங்களும் இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. 😂 என்ற படத்துக்கு யூனிகோட் பட்டியலில் உள்ள பெயர் ‘ஆனந்தக் கண்ணீர் வடிக்கும் முகம்’. 😭 என்பதன் பெயர் ‘உரக்க அழும் முகம்’. இரண்டும் 2010இல் அந்தப் பட்டியலில் சேர்ந்தவை. இரண்டிலும் மஞ்சள் முகம், திறந்த வாய், நீலக் கண்ணீர். கண்ணாடி போடாமல் சின்னத் திரையில் பார்ப்பவருக்கு இரண்டும் அழுகைதான். இளைஞர்களோ இன்று அழும் முகத்தையே ‘சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது’ என்ற பொருளில் போடுகிறார்கள். அதனால் பெரியவர் படத்தைச் சரியாகவே தேர்ந்தெடுத்தாலும், அது இளையவரிடம் வேறாகப் போய்ச் சேரலாம். இரங்கல் எழுதும்போது படத்தையும் சுருக்கத்தையும் விட்டுவிட்டு, மறைந்தவரின் பெயரையும் அவரைப் பற்றி நினைவிலிருக்கும் ஒரு செய்தியையும் முழு வாக்கியமாக எழுதிவிட்டால், இரண்டு விதமாகப் படிக்க அதில் எதுவும் மிஞ்சாது. தட்டச்சு கைவராத பெரியவருக்கு அதே திரையில் ஒலிவாங்கிக் குறி இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துப் பேசி அனுப்ப ஒருமுறை காட்டிக்கொடுத்தால், அடுத்த முறை அவரே செய்துகொள்வார்.