பூட்டிய பெட்டகத்தில் குறைந்த 103 கிலோ

சென்னையில் சுரானா கார்ப்பரேஷன் என்ற தங்க இறக்குமதி நிறுவனத்தில் 2012ஆம் ஆண்டு சிபிஐ சோதனை நடத்தியது. பிடிபட்ட தங்கம் 400.47 கிலோ என்று எழுதப்பட்டது. அதை அந்த நிறுவனத்தின் பெட்டகங்களிலேயே வைத்துப் பூட்டி, சீல் வைத்து, 72 சாவிகளைச் சென்னை சிபிஐ நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டதாக சிபிஐ சொன்னது. கடன் கொடுத்த வங்கிகளுக்காகத் தங்கத்தைப் பொறுப்பேற்க 2020 பிப்ரவரியில் பெட்டகங்களைத் திறந்து எடை போட்டார்கள். இருந்தது 296.606 கிலோ. 103.864 கிலோவைக் காணவில்லை.

அன்று மொத்தமாக எடை போட்டோம், இன்று தனித்தனியாக எடை போட்டதால்தான் இந்த வித்தியாசம் என்றது சிபிஐ. சென்னை உயர் நீதிமன்றம் அந்த விளக்கத்தை ஏற்காமல், 2020 டிசம்பரில் தமிழகத்தின் சிபிசிஐடி விசாரிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

செல்போன், மருந்து, மடிக்கணினி, நகை என்று கைக்கு அடக்கமான, விலை கூடிய சரக்கை வைத்திருக்கும் எவருக்கும் இந்த வழக்கு ஒரு பாடம். பூட்டும் சீலும் சாவியும் இருந்தன. ஆனால் சரக்கு குறைந்தது 2013லா, 2019லா, அல்லது முதல் நாள் எழுதிய எடையே தவறா என்று சொல்ல, இரண்டு எடைகளுக்கும் நடுவே எட்டு ஆண்டு இடைவெளிதான் கையில் இருந்தது. கிடங்குப் பாதுகாப்பின் சூட்சுமம் இந்த இடைவெளியைச் சுருக்குவதில்தான் இருக்கிறது.

முதலில் கூண்டு. பெரிய கொடவுனுக்குள் விலை உயர்ந்த சரக்குக்கு மட்டும் கம்பி வலை அடித்துத் தனியாகப் பூட்டிவைப்பதைக் கிடங்குக்காரர்கள் ‘கேஜ்’ என்பார்கள். சுவர் எழுப்பாமல் வலை அடிப்பதற்குக் காரணம் உண்டு: உள்ளே நிற்பவர் என்ன செய்கிறார் என்று வெளியில் இருப்பவருக்குத் தெரியும். அமெரிக்காவில் சில வகைக் கட்டுப்பாட்டு மருந்துகளை வைக்கும் மொத்தக் கிடங்குகளுக்கு இந்தக் கூண்டின் அளவுகளையே சட்டம் விதிக்கிறது. வலைக்கம்பி 10 கேஜ் எஃகு, அதாவது ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் கனம். வலைக்கண் இரண்டரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தூண்களைக் கான்கிரீட்டில் பதிக்க வேண்டும், அல்லது கழற்ற முடியாத போல்ட்டுகளால் இறுக்க வேண்டும். மேலே வலைக்கூரை போட வேண்டும், இல்லையென்றால் பக்க வலை கட்டடத்தின் கூரைவரை போய் முட்ட வேண்டும்.

நம் ஊர்க் கொடவுன்களில் அதிகம் கோட்டை விடுவது இந்தக் கடைசி விதியில்தான். எட்டடி உயரத்துக்கு வலை அடித்து, கதவில் கனமான பூட்டைத் தொங்கவிட்டு, மேல்பக்கத்தைத் திறந்தே விட்டுவிடுவார்கள். பக்கத்து ரேக்கில் ஏறினால் உள்ளே குதித்துவிடலாம். வெளியிலிருந்து திருகிக் கழற்றக்கூடிய கீல் இன்னொரு ஓட்டை. அதைக் கழற்றிவிட்டால் பூட்டைத் தொடாமலே கதவு திறந்துவிடும்.

அடுத்தது சாவி. ஒரு கூண்டுக்கு எத்தனை சாவிகள் இருக்கின்றன என்று கேட்டால் தயங்காமல் பதில் வர வேண்டும். இரண்டு போதும்: ஒன்று புழக்கத்துக்கு, மற்றொன்று சீல் வைத்த உறையில், வேறொருவர் பொறுப்பில். புழக்கச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. வாங்கும்போது நேரம், பெயர், காரணம், கையெழுத்து; திருப்பித் தரும்போது மறுபடி நேரம், கையெழுத்து. சாவியை வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போனாலோ, சாவி ஒரு நாள் காணாமல் போய் மறுநாள் ‘கிடைத்தாலோ’ பூட்டையே மாற்றிவிட வேண்டும். தெருமுனைக் கடையில் நகல் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். ஒருவர் தனியாகத் திறக்கவே முடியாதபடி செய்ய இரட்டைப் பூட்டு உண்டு. வங்கிப் பெட்டக அறையை இரண்டு அதிகாரிகளின் சாவிகள் சேர்ந்தே திறப்பது இதே முறையில்தான்.

கேமராவைப் பற்றிப் பலரும் நினைப்பது ஒன்று, அது செய்வது வேறொன்று. 2021 டிசம்பரில் வேலூர் நகைக்கடை ஒன்றில் சுவரைத் துளைத்து நுழைந்தவர் சிங்க முகமூடி மாட்டிக்கொண்டு கேமரா மீது பெயின்ட் அடித்தார். சுமார் 15 கிலோ தங்கம் போனது; பிறகு போலீஸார் அதை மீட்டார்கள். கேமரா அவரைத் தடுக்கவில்லை. உள்ளாள் திருட்டிலோ கேமராவின் மதிப்பே வேறு. அங்கே முகத்தை மறைக்க வழியில்லை. யார் கையில் எத்தனை பெட்டி போனது என்பதுதான் கேள்வி. அதனால் ஒரு கேமரா கூண்டுக் கதவை முகம் தெரியும் உயரத்தில் பார்க்க வேண்டும், மற்றொன்று கூண்டுக்குள்ளேயே ரேக்குகளைப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து வலை வழியாகப் பார்க்கும் கேமராவில், இரவில் அதன் விளக்கொளி கம்பியில் பட்டுத் திரும்பிப் படம் வெளுத்துப்போகும். பதிவுப் பெட்டியின் கடிகாரமும் சாவிப் பதிவேட்டை எழுதுபவரின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். இருபது நிமிடம் தள்ளியிருந்தால் இரண்டு சாட்சியங்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. அந்தப் பெட்டி சாவிக்காரர் கைக்கு எட்டாத இடத்தில் இருப்பதும் முக்கியம்.

இவை எல்லாவற்றையும் இணைப்பது எண்ணிக்கை. ஒரு செல்போன் விநியோகஸ்தரின் கூண்டில் 600 போன்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பதிவுப் பெட்டி 30 நாள் படங்களை வைத்திருக்கும். அதற்குமேல் பழையது அழிந்து புதியது ஏறும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரக்கு எண்ணுகிறார்கள். நான்கு போன் குறைகிறது. திருட்டு முதல் இரண்டு மாதத்தில் நடந்திருந்தால் அதற்கான படமே இப்போது இல்லை. அதே கூண்டைத் தினமும் மாலை எண்ணினால்? நேற்று 600, இன்று வந்தது 40, பில் போட்டு வெளியே போனது 55, இருக்க வேண்டியது 585. கையில் 584. பார்க்க வேண்டிய படம் ஒரே ஒரு நாளுக்கு உரியது. சாவிப் பதிவேட்டில் அன்று கதவு ஆறு முறை திறந்திருந்தால், பார்க்க வேண்டியது அந்த ஆறு துண்டுகளை மட்டும்.

எண்ணுவதிலும் முறை இருக்கிறது. சாவி வைத்திருப்பவரே எண்ணக் கூடாது. எண்ணுபவரிடம் கணினியில் இருக்கும் எண்ணைக் காட்டக் கூடாது. காட்டினால் மனம் அந்த எண்ணைத்தான் தேடும். பெட்டியை எண்ணினால் பெட்டிதான் கணக்கில் வரும். அடிப்பக்கத்தை அறுத்து, போனை எடுத்துவிட்டு, அதே எடைக்கு வேறு எதையாவது வைத்து ஒட்டிய பெட்டியும் ‘ஒன்று’ என்றே எண்ணப்படும். அதனால் பெட்டிமேல் உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை ஸ்கேன் செய்வதோடு, தினமும் சில பெட்டிகளைக் கையில் எடுத்து ஆறு பக்கமும் சீல் பார்க்க வேண்டும்.

குறைந்தது என்றதும் திருட்டு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. கூண்டைப் பூட்டிவிட்டு வேறொருவர் மறுபடி எண்ண வேண்டும். பில் போடாமல் வெளியே போன சரக்கு, திரும்பி வந்தும் வரவு வைக்காத சரக்கு, பக்கத்து ரேக்கில் தவறி வைத்தது ஆகியவற்றைப் பார்த்த பிறகே படத்தை ஓட்ட வேண்டும். பல குறைகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

சாவிக்காரரும் எண்ணுபவரும் கூட்டுச் சேர்ந்தால் இந்த ஏற்பாடு முழுவதும் தோற்றுப்போகும். அதற்கு வங்கித்துறை ஒரு வழி வைத்திருக்கிறது. முக்கியப் பொறுப்பில் இருக்கும் ஊழியரை, முன்னறிவிப்பில்லாமல் ஆண்டுக்கு ஒருமுறை குறைந்தது பத்து வேலை நாள் ஒரே மூச்சில் விடுப்பில் அனுப்பச் சொல்கிறது ரிசர்வ் வங்கி. அந்த நாட்களில் அவர் வேலையை வேறொருவர் பார்ப்பார். கிடங்கிலும் இதைச் செய்யலாம்: சாவி கைமாறும் காலையில், புதியவர் கையெழுத்திடும் முன் கூண்டில் உள்ள அத்தனையையும் அவரே எண்ணி, அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் சாவியை வாங்க வேண்டும்.