தகட்டுக்குள் ஒரு திசை

தெருமுனையில் நிற்கும் 100 கேவிஏ டிரான்ஸ்பார்மரின் தொட்டியைத் திறந்து, எண்ணெயை வடித்து, உள்ளே இருக்கும் இரும்பு உள்ளகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒரு தடித்த புத்தகத்தின் ஓரம் போலத் தெரியும். நூற்றுக்கணக்கான தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். ஒன்றை உருவிப் பார்த்தால் அது விசிட்டிங் கார்டு அளவே தடிமன், 0.27 மில்லிமீட்டர். நிறம் சாம்பல், மேலே கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சு. பட்டறைகளில் இதை சி.ஆர்.ஜி.ஓ. ஷீட் என்பார்கள்.

டிரான்ஸ்பார்மரில் இரும்பைத் தகடு தகடாக வைப்பது இழப்பைக் குறைக்கத்தான் என்று பள்ளிப் பாடத்திலேயே படிக்கிறோம். ஆனால் இரும்பில் ஏற்படும் இழப்பு இரண்டு வகை. மெல்லிய தகடு அதில் ஒன்றைத்தான் அடக்குகிறது. மற்றதை அடக்குவது தகட்டுக்குள் இருக்கும் படிகங்களின் திசை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பழுதின் காரணத்தைத் தவறான இடத்தில் தேடுகிறோம்.

முதலில் சுழல் மின்னோட்டம். இந்த அளவு டிரான்ஸ்பார்மரில் சுருளின் ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ 5 வோல்ட் தூண்டப்படுவதாக வைத்துக்கொள்வோம். உள்ளகத்தின் காந்தப் பாயத்தைச் சுற்றிவரும் எந்தப் பாதையானாலும் அந்த 5 வோல்ட் அதில் கிடைக்கும். உள்ளகம் கெட்டி இரும்பாக இருந்தால் அதன் வெளி ஓரமே ஒரு மூடிய சுற்று. மிகக் குறைந்த மின்தடையுள்ள அந்தச் சுற்றில் பெருமளவு மின்சாரம் ஓடி, இரும்பு அடுப்புக்கட்டி போலக் காய்ந்துவிடும்.

இப்போது அதே இரும்பை 480 தகடுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இடையில் பூச்சு கொடுத்தால், 5 வோல்ட்டும் 480 பங்காகிறது. ஒரு தகட்டுக்கு வருவது ஒரு வோல்ட்டின் நூறில் ஒரு பங்குதான். சில மைக்ரான் கனமே உள்ள பூச்சு இதற்குப் போதுமானதாக இருப்பது எப்படி என்பது இங்கேதான் புரிகிறது. அது தடுக்க வேண்டிய மின்னழுத்தம் அவ்வளவு சிறியது.

தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் இழப்பு பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. ஒரு தகட்டுக்குள் தூண்டப்படும் மின்னழுத்தம் பாதியாகும். இழப்பு அதன் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் கால்வாசி. ஓடும் பாதையும் பாதி அகலமாகச் சுருங்குவதால் மின்தடை இரட்டிப்பாகும். ஆக ஒரு தகட்டின் இழப்பு எட்டில் ஒரு பங்கு. தகடுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆவதால் மொத்தம் நான்கில் ஒரு பங்கு. இரும்பில் 3 சதவீதம் சிலிக்கான் சேர்ப்பதும் இதற்குத் துணை. அதனால் மின்தடை நான்கு மடங்குக்கும் மேல் ஏறுகிறது. இன்னும் கூடுதலாகச் சேர்க்கலாமே என்றால், தகடு உடையத் தொடங்கி உருளையில் ஓடாது.

1.5 டெஸ்லா காந்தச் செறிவில், 50 ஹெர்ட்ஸில், 0.27 மில்லிமீட்டர் தகட்டில் இந்தக் கணக்கின்படி கிலோவுக்குச் சுமார் 0.18 வாட் இழப்பு. பூச்சு உரிந்து ஐந்து தகடுகள் ஒட்டி ஒரே தகடானால் தடிமன் ஐந்து மடங்கு, இழப்பு இருபத்தைந்து மடங்கு, அதாவது கிலோவுக்குச் சுமார் 4.6 வாட். அந்த இடம் மட்டும் சூடாகும்.

காந்தத் தயக்கம் வேறு கதை. இரும்பின் உள்ளே சின்னச் சின்னக் காந்தப் பகுதிகள் உள்ளன. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை திசை மாறும்போது அவற்றின் எல்லைச் சுவர்கள் முன்னும் பின்னும் நகர வேண்டும். கரி, கந்தகம் போன்ற அசுத்தங்களில் அவை சிக்கிச் சிக்கி நகர்கின்றன; சிக்கலைக் கடப்பதற்கான ஆற்றல் வெப்பமாகிறது. தகட்டை எவ்வளவு மெல்லியதாக்கினாலும் இந்தச் சிக்கல் தீராது.

இதற்கு வழி காட்டியவர் அமெரிக்காவின் நார்மன் காஸ். 1934-இல் அவர் பெற்ற காப்புரிமைதான் தொடக்கம். இரும்புப் படிகம் ஒரு கனசதுரம் போன்றது. அதன் விளிம்பின் திசையில் காந்தமாவது மிக எளிது, மற்ற திசைகளில் கடினம். சாதாரண இரும்பில் படிகங்கள் சிதறிக் கிடக்கும் மணல் போல எல்லாத் திசையிலும் இருக்கும். குளிர்நிலையில் உருட்டி, 1,200 டிகிரி செல்சியஸ் அளவில் நீண்ட நேரம் சூடேற்றினால், விளிம்பு உருட்டிய திசையில் அமைந்த சில படிகங்கள் மட்டும் அண்டையில் உள்ளவற்றை விழுங்கி வளர்கின்றன. பூச்சை அமிலத்தில் கரைத்துவிட்டுப் பார்த்தால் சென்டிமீட்டர் அளவுள்ள படிகங்கள் கண்ணுக்கே தெரியும். அந்தச் சூட்டிலேயே அசுத்தங்களும் வெளியேறுகின்றன. 1960-களின் இறுதியில் ஜப்பானில் வந்த ஹை-பி வகையில் படிகங்களின் சராசரிச் சாய்வு 7 டிகிரியில் இருந்து 3 டிகிரியளவாகக் குறைந்தது.

தகட்டுக்கு இப்படி ஒரு திசை உண்டு என்பதால்தான் வெட்டும்போதே கவனம் தேவை. பாயம் உருட்டிய திசையிலேயே ஓட வேண்டும். மூலைகளில் பாயம் திரும்புகிறது. அங்கே செங்குத்தாக வெட்டினால் தகட்டின் குறுக்கே ஓடும், இழப்பு எகிறும். அதனால் 45 டிகிரியில் சாய்த்து வெட்டிச் சேர்க்கிறார்கள்.

படிகம் பெரிதானதில் ஒரு தொந்தரவும் வந்தது. காந்தப் பகுதிகள் அகலமாகி, சுவர்கள் வேகமாக ஓட வேண்டியதால் கூடுதல் இழப்பு சேர்ந்தது. 0.27 மில்லிமீட்டர் தகட்டின் மொத்த இழப்பு மேலே சொன்ன கணக்கை விடப் பெரிதாக வருவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. இதற்காகத் தகட்டின் குறுக்கே சில மில்லிமீட்டர் இடைவெளியில் லேசர் கோடுகள் போடுகிறார்கள். அகலமான பகுதிகள் அதில் பிரிந்து குறுகுகின்றன. ஆனால் 800 டிகிரியில் பதப்படுத்தும் சுருட்டு உள்ளகத்தில் சாதாரண லேசர் கோட்டின் பலன் அழிந்துபோகும்.

பட்டறையில் தவறுவது எங்கே? மழுங்கிய கத்தி விடும் பிசிறு, அடுத்த தகட்டோடு உரசிப் பூச்சைத் தாண்டித் தொடுகிறது. 20 மைக்ரானுக்கு மேல் பிசிறு இருந்தால் தகட்டை ஏற்கக் கூடாது என்பதே பொதுவான நடைமுறை. பழைய டிரான்ஸ்பார்மரில் இருந்து கழற்றி, நிமிர்த்தி, மீண்டும் வெட்டிய தகடு இன்னும் மோசம். வளைத்ததும் தட்டியதும் படிகத்தில் தகைவை விட்டுச் செல்வதால், பூச்சு சரியாக இருந்தாலும் காந்தத் தயக்கம் கூடுகிறது. உள்ளகத்தை ஒரே இடத்தில்தான் நிலத்தோடு இணைக்க வேண்டும். எங்கோ இரண்டாவது தொடர்பு உண்டானால், தகடுகளுக்கு வெளியே ஒரு பெரிய சுற்று மூடிக்கொண்டு அங்கே சூடு பிடிக்கும். எண்ணெயில் கரைந்த வாயுக்களைச் சோதித்தால் அது வெளிப்படும்.

இழப்பு கூடியிருப்பதைக் காட்டும் சோதனை எளிது. உயர் மின்னழுத்த முனைகளைத் திறந்து வைத்து, குறை மின்னழுத்தப் பக்கம் உரிய மின்னழுத்தம் கொடுத்து வாட்மீட்டரைப் பார்க்க வேண்டும். திறந்த முனைகளில் 11,000 வோல்ட் நிற்கும் என்பதால் யாரும் நெருங்கக் கூடாது. 150 கிலோ உள்ளகத்தில் 130 வாட் வந்ததாக வைத்துக்கொள்வோம். வீட்டில் விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் அது ஆண்டு முழுவதும் ஓடும் இழப்பு, ஆண்டுக்குச் சுமார் 1,140 யூனிட்.

எந்த இழப்பு என்று பிரிக்க வேண்டுமானால், அதே காந்தச் செறிவு வருமாறு மின்னழுத்தத்தையும் விகிதமாகக் குறைத்து 40 ஹெர்ட்ஸில் இன்னொரு முறை அளக்க வேண்டும். அப்போது 94 வாட் வருகிறது என்போம். இழப்பை அலைவெண்ணால் வகுத்தால் ஒரு சுழற்சிக்கு 50-இல் 2.6 ஜூல், 40-இல் 2.35 ஜூல். சுழல் மின்னோட்டத்தின் பங்கு அலைவெண்ணோடு ஏறும், காந்தத் தயக்கத்தின் பங்கு மாறாது. 10 ஹெர்ட்ஸுக்கு 0.25 ஜூல் என்றால் 50-க்கு 1.25. மீதம் 1.35 ஜூல் தயக்கம். ஆக 130-இல் சுமார் 67 வாட் தயக்கம், 63 வாட் சுழல் மின்னோட்டம். சுவர்கள் ஓடும் கூடுதல் இழப்பும் அந்த 63-க்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பழுதான டிரான்ஸ்பார்மரில் இதே கணக்கைப் போட்டால் குற்றவாளி தெரிந்துவிடுவார். ஒரு சுழற்சியின் மாறாத பங்கு ஏறியிருந்தால் தகடு வளைக்கப்பட்டது அல்லது தரம் குறைந்தது. அலைவெண்ணோடு ஏறும் பங்கு பெருத்திருந்தால் பூச்சு உரிந்திருக்கிறது, பிசிறு தொடுகிறது; தகடுகளைப் பிரித்து விளிம்பை விரலால் தடவிப் பார்க்க வேண்டியதுதான்.