உரிமைக்கோரலும் ஸ்ட்ரைக்கும்

யூடியூபில் ஏற்றப்படும் ஒவ்வொரு வீடியோவையும் 'கன்டென்ட் ஐடி' என்ற தானியங்கி முறை, உரிமையாளர்கள் முன்பே கொடுத்துவைத்த பாடல், படக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கல்யாண வீடியோ ஒன்றின் பின்னணியில் சினிமாப் பாட்டு சிறிது நேரம் ஒலித்தாலும் பொருத்தம் கண்டுபிடிக்கப்படலாம். அப்போது வருவது உரிமைக்கோரல். பெரும்பாலும் விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும்; சில சமயம் வீடியோ முடக்கப்படும். சேனலுக்கு இதனால் தண்டனை இல்லை. 'நன்றி: பாடல் நிறுவனம்' என்று போட்டுவிட்டால் அனுமதி பெற்றதாகாது.

ஸ்ட்ரைக் வேறு. உரிமையாளர் சட்டப்படி நீக்கக் கோரிக்கை அனுப்பி, வீடியோ எடுக்கப்பட்டால் வருவது அது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே நீக்கப்படலாம்.

உரிமம் வாங்கிய இசைக்கே கோரல் வந்தால், யூடியூப் ஸ்டூடியோவில் உரிம விவரத்துடன் மறுப்புத் தெரிவிக்கலாம். கோரியவருக்கு 30 நாள் அவகாசம். பதில் இல்லையென்றால் கோரல் விலகும். ஐந்து நாளுக்குள் மறுத்தால், அந்த வருமானம் முதல் நாளிலிருந்தே தனியாக நிறுத்திவைக்கப்படும். அவர் நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அதற்குப் பதிலாக அவர் நீக்கக் கோரிக்கை அனுப்பினால் ஸ்ட்ரைக் விழக்கூடும். அதற்கு எதிர் அறிவிப்பு அனுப்பலாம். அது சட்ட ஆவணம். உரிமம் கையில் இல்லாதவர் மறுப்பில் இறங்காமல், எடிட்டரில் அந்தப் பாட்டை மட்டும் நீக்கிவிடுவதே நல்லது.