அஸ்திவாரத்துக்கு அடியில் ஓர் அஸ்திவாரம்

பழைய வீட்டின் ஒரு பக்கம் மண்ணில் இறங்கத் தொடங்கினால், சுவரை இடிக்காமலே அதன் அஸ்திவாரத்தை ஆழப்படுத்த முடியும். சுவருக்கு அடியில் சிறு சிறு குழிகளாகத் தோண்டி, ஒவ்வொன்றிலும் கான்கிரீட் நிரப்பி, சுவரின் பாரத்தைக் கீழே உள்ள கெட்டி மண்ணுக்குக் கொண்டுபோவதுதான் முறை. முழு நீளத்தையும் ஒரே நேரத்தில் தோண்டினால் சுவர் விழுந்துவிடும். அதனால்தான் வேலை கட்டம் கட்டமாக நடக்கிறது.

முதலில் வீடு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். மூலை இறங்கினால், செங்கல் வரிசைகளின் இணைப்பு வழியே படிக்கட்டுபோல ஏறும் விரிசல் மேலே போகப்போக அகலமாகும். கதவும் ஜன்னலும் சட்டத்தில் இடிக்கும். விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்து ஒட்டி, தேதி குறித்துவைப்பது பழைய வழக்கம். கண்ணாடி உடைந்தால் சுவர் நகர்கிறது என்று பொருள். கரிசல் மண்ணில் ஒரு வருடமாவது கவனிக்க வேண்டும். கோடையில் மண் சுருங்கி விரிசல் திறக்கும், மழைக்குப் பின் ஓரளவு மூடிக்கொள்ளும். கழிவுநீர்க் குழாய் கசிந்து மண் இளகியிருந்தால் முதல் வேலை குழாயைச் சரிசெய்வது. பல வீடுகளில் அதோடு அசைவு நின்றுவிடும். அப்படி நின்ற வீட்டுக்கு அடியில் தோண்டுவது வீண் செலவு.

கரிசல் மண்ணில் நிற்கும் ஒரு வீட்டின் 32 அடி நீளப் பக்கச் சுவரை எடுத்துக்கொள்ளலாம். அஸ்திவாரம் 3 அடி ஆழம்தான். கெட்டியான சுக்கான் மண் 7 அடியில் இருக்கிறது. சுவரை 4 அடி வீதம் எட்டுப் பகுதிகளாகப் பிரித்து எண் இட வேண்டும். முதல் சுற்றில் 1, 5. அடுத்து 3, 7. பிறகு 2, 6. கடைசியில் 4, 8. எந்த நேரத்திலும் சுவரின் கால் பங்குக்கு மேல் தாங்கலின்றி நிற்பதில்லை. நல்ல செங்கல் சுவர் 4 அடி இடைவெளியைத் தாண்டி, தன் பாரத்தை இரு பக்கமும் பகிர்ந்துகொள்ளும். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த கருங்கல் அஸ்திவாரத்தில் அந்த வலு இருக்காது. அங்கே குழியை 3 அடிக்கும் கீழே குறைக்க வேண்டும், அல்லது முன்கூட்டியே சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு பகுதியிலும் முதலில் சுவருக்கு வெளியே ஆள் இறங்கி வேலை செய்யும் அளவு குழி வெட்டுவார்கள். பக்கங்கள் சரியாதபடி பலகை அடித்து முட்டுக் கொடுத்த பிறகுதான் அஸ்திவாரத்துக்கு அடியில் மண்ணை எடுப்பார்கள். 7 அடிக் குழி சரிந்தால் உள்ளே இருப்பவர் உயிர் பிழைப்பது அரிது; பலகைக் கூலியை மிச்சம் பிடிக்கக் கூடாது. அஸ்திவாரத்தின் அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, குழியின் அடிமண் கெட்டிதானா என்று பொறியாளர் பார்த்த பிறகே கான்கிரீட் ஊற்ற வேண்டும். பக்கத்துப் பகுதியோடு பிணைய இரும்புக் கம்பிகளை நீட்டி வைப்பதும் உண்டு.

கான்கிரீட்டைப் பழைய அஸ்திவாரத்தைத் தொடும்வரை ஊற்றுவதில்லை. இறுகும்போது அது சற்றுச் சுருங்கும். தொட்டதாகத் தோன்றும் இடத்தில் மெல்லிய இடைவெளி விழும், சுவர் அந்த அளவுக்கு மறுபடி இறங்கும். எனவே சுமார் 3 அங்குலம் விட்டு நிறுத்தி, ஓரிரு நாள் கழித்து அந்த இடத்தை அரை ஈரமான கலவையால் அடைக்கிறார்கள். ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல். கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல உருண்டு நிற்க வேண்டும், நீர் வடியக் கூடாது. கட்டையால் உள்பக்கத்திலிருந்து இடித்து இடித்துத் திணிக்க வேண்டும். பாரம் மாறுவது இந்த 3 அங்குலத்தின் வழியாகத்தான். அவசரத்தில் கலவையை இளக்கமாகக் குழைத்துத் தள்ளிவிட்டால், கீழே எவ்வளவு நல்ல கான்கிரீட் இருந்தும் பயனில்லை. அடைத்த கலவை இறுக மேலும் ஓரிரு நாள் விட்ட பிறகே பக்கத்துப் பகுதியைத் தொடலாம்.

குழியில் ஊற்று நீர் வந்தால் இந்த முறை தடுமாறும். நீரை இறைக்கும்போது மண்ணும் சேர்ந்து வந்து சுவர் மேலும் இறங்கலாம். இங்கிலாந்தின் வின்செஸ்டர் தேவாலயத்தில் இதே சிக்கல் வந்தது. அங்கே 1906 முதல் சில ஆண்டுகள் வில்லியம் வாக்கர் என்ற நீர்மூழ்கி, நீர் நிறைந்த குழிகளில் இருட்டில் இறங்கி, கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி அடியை மூடினார். அதன் பிறகே நீரை இறைத்துக் கட்ட முடிந்தது.

வேலை முடிந்ததும் குழிகளை மண் இட்டு, படிப்படியாக இடித்து மூட வேண்டும். பாரம் புது கான்கிரீட்டில் அமரும்போது சுவர் இன்னும் சில மில்லிமீட்டர் இறங்குவது இயல்பு; அதனால் விரிசலைப் பூசும் வேலையைச் சில மாதம் தள்ளிவைப்பது நல்லது. ஒரு சுவரை மட்டும் ஆழப்படுத்தினால், மற்ற சுவர்கள் மண்ணோடு ஏறி இறங்க, இரண்டும் சேரும் இடத்தில் புது விரிசல் வரும். கரிசல் மண்ணில் இந்த ஆபத்து அதிகம். அங்கே ஆழத்தைத் திடீரென நிறுத்தாமல், அடுத்த சுவரிலும் சில குழிகளைப் படிப்படியாக ஆழம் குறைத்து வெட்டி முடிப்பதே சரியான வழி.