ஓசை பழகுவோம் – 7: முட்டி நின்ற நாக்கு ஒழுகத் தொடங்கும் இடம்

‘ஆறு வேகமாக ஓடியது’ என்று எழுதினால் செய்தி வந்துவிடும், நீர் வராது. நீரை வாசகரின் நாக்கிலேயே ஓடவைக்க நமக்கு நான்கு எழுத்துகள் உண்டு: ட, ண, ள, ழ. நான்கிற்கும் நாக்கின் நுனி மேலே வளைகிறது. ஆனால் காற்றுக்கு விடும் வழி ஒவ்வொன்றிலும் வேறு.

‘ட்’ சொல்லும்போது நுனி அண்ணத்தில் ஒட்டிக் காற்றை முழுதாக அடைக்கிறது. ‘ண்’ணில் வாய் அடைத்தாலும் மூக்கு திறந்திருக்கிறது. ‘ள்’ளில் நடுப்பகுதி மட்டும் அடைபட, காற்று நாக்கின் ஓரங்களில் கசிகிறது. ‘ழ்’ழில் அடைப்பே இல்லை. அதன் பிறப்பைச் சொல்ல ‘வருட’ என்ற சொல்லைத்தான் தொல்காப்பியர் எடுக்கிறார்.

இந்த வரிசையையே ஒரு வரியாக்கிப் பார்ப்போம்:

பாறையில் முட்டி, முண்டி, துள்ளி, மணலில் இழைய இழைய ஒழுகும் நீர்.

ட்ட, ண்ட, ள்ள, ழ. அடைப்பு படிப்படியாகத் தளர்கிறது. பாறையை விட்டு நீர் விடுபடுவதும் அப்படியே. இந்த எழுத்துகள் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வாரா. எனவே மோனையில் இவற்றைத் தேடிப் பயனில்லை. இரண்டாம் எழுத்தில், அதாவது எதுகை நிற்கும் இடத்தில், வைக்க வேண்டும். இன்னொரு வசதி: ட, ண, ள இரட்டிக்கும், ழகரம் இரட்டிக்காது. ‘முட்டி’யில் நாக்கு ஒரு கணம் தங்கியே ஆக வேண்டும். ‘இழைய’வில் தங்க இடமே கிடையாது.

‘இழைய’ இருக்கும் இடத்தில் முதலில் ‘சுழித்து, வழிந்து’ என்று எழுதத் தோன்றும். ழகரம் இரண்டு கிடைக்கிறதே என்று மகிழ்ந்தால், பின்னால் வரும் ‘த்து’வும் ‘ந்து’வும் திறந்த வாயை மறுபடி அடைத்துவிடுகின்றன. ழகரத்தை எண்ணினால் போதாது, அதற்கு அடுத்து நிற்பது யார் என்றும் பார்க்க வேண்டும். ‘இழைய’வில் அடுத்து வருவது யகரம். அதுவும் இடையினம், அதுவும் காற்றை மறிக்காது.

அளவும் முக்கியம். வரி முழுக்க ழகரத்தைக் கொட்டினால், வாழைப்பழத்தோலில் வழுக்கி விழும் கிழவரின் நினைவுதான் வரும்; வாசகர் நீரை விட்டுவிட்டு உச்சரிப்பைக் கவனிப்பார். முன்னால் ஓர் அடைப்பு இருந்தால்தான் ழகரத்தின் நெகிழ்வு காதில் படும்.

கடைசியாக ஒரு சோதனை. தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் பேச்சில் ழகரம் பெரும்பாலும் ளகரமாகிவிடும். அந்த வாய்க்கு நம் வரி ‘துள்ளி, இளைய இளைய ஒளுகும்’ என்றே வரும். அப்போதும் இரட்டை ளகரத்தில் அழுந்திய நாக்கு ஒற்றை ளகரத்தில் தொட்டு விலகுகிறது, தளர்ச்சி மிஞ்சுகிறது. ழகரத்தை மட்டும் நம்பிய வரியென்றால் இங்கே படுத்துவிடும். எழுதியதை அப்படி ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த வாரம்: றகரமும் இடியும்.