புள்ளி தெரிகிறதா?

தெருக்கூத்தைப் படம்பிடித்துவரும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வேஷக்காரர் சுழன்றாடும்போது கீழே பாட்டு வரிகளை வெள்ளை எழுத்தில் போடுகிறேன். மார்புப் பதக்கத்துக் கண்ணாடிச் சில்லுகள் மின்னுவதில் பாதி வரி காணாமல் போகிறது. எந்த எழுத்துரு போடட்டும்?"

எழுத்துருவுக்கு முன்னால் அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளையை மஞ்சளாக்கினால் சில்லில் மறைந்தது விளக்கொளியில் மறையும், அவ்வளவுதான். பின்னணி நொடிக்கு நொடி மாறும்போது, எழுத்து தன்னுடைய இருட்டைத் தானே கூட்டிக்கொண்டு வர வேண்டும். மார்கழியில் எங்கள் வீட்டு வாசலில் மாக்கோலத்தைச் சுற்றிச் செம்மண் இடுவார்களே, அந்த வேலையைத்தான் எழுத்தைச் சுற்றிய கறுப்பு வெளிக்கோடு செய்கிறது. எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போடுவது இன்னும் பத்திரமானது. ஆனால் தமிழில் மேலே புள்ளியும் விசிறியும், கீழே ழகர வாலும் இருப்பதால் பட்டை உயரமாகிவிடும். கூத்தில் காலடி மறைந்தால் ஆட்டமே போயிற்று. அதனால் வாசகிக்கு என் பரிந்துரை வெளிக்கோடுதான்.

இங்கேதான் நம் புள்ளி சிக்கிக்கொள்கிறது. 1080 வரி உயரமுள்ள படத்தில், ஓரளவு பெரிய எழுத்தில்கூட மெய்யெழுத்தின் புள்ளி சுமார் 8 பிக்சல் அகலம்தான் இருக்கும். சில எடிட்டிங் மென்பொருள்கள் 4 பிக்சல் வெளிக்கோட்டை எழுத்தின் விளிம்பின் மேலேயே போடுகின்றன: பாதி வெளியே, பாதி உள்ளே. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பிக்சல் தின்றுவிட்டால் வெள்ளைப் புள்ளியில் மிஞ்சுவது 4 பிக்சல். பரப்பளவில் கால் பங்கு. அதே படத்தைக் கைப்பேசியில் 360 வரித் தரத்தில் பார்த்தால் அதுவும் மூன்றில் ஒன்றாகிவிடும், ஏறக்குறைய ஒரே ஒரு பிக்சல். பிறகு 'வேல்' வந்தாலும் 'வேல' என்றுதான் கண் படிக்கும். இடம் பார்த்து ஊகிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும். ஆங்கில எழுத்தில் இந்தத் தொல்லை குறைவு. அதன் கோடுகளை மட்டும் பார்த்து வெளிக்கோட்டை நிர்ணயித்துவிட்டு, தமிழுக்கும் அதையே போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஆகவே மென்பொருளில் வெளிக்கோடு 'வெளிப்பக்கம்' மட்டும் வரும்படி அமையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் FFmpeg இருக்கிறது. வசனங்களைப் படத்தோடு பதிக்க அது பயன்படுத்தும் libass, வெளிக்கோட்டை அடியில் வரைந்து எழுத்தை அதன்மேல் வைக்கிறது. புள்ளி முழுசாக நிற்கும்.

```
ffmpeg -i koothu.mp4 -vf "subtitles=vari.srt:force_style='FontName=Noto Sans Tamil SemiBold,FontSize=18,Outline=1,Shadow=0'" out.mp4
```

இதில் 18 என்பது பிக்சல் அல்ல. SRT கோப்பைக் கொடுத்தால் திரை 288 அலகு உயரம் என்று FFmpeg வைத்துக்கொள்ளும். 1080 வரிப் படத்தில் ஓர் அலகு 3.75 பிக்சல். அப்படியானால் எழுத்தளவு 67 பிக்சலுக்குச் சற்று மேல், வெளிக்கோடு 4 பிக்சலுக்குச் சற்றுக் குறைவு. இன்னொன்று, அந்த அளவு எழுத்துருவின் மேல்கீழ் இடைவெளியையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. மேலும் கீழும் தாராளமாக இடம்விட்ட தமிழ் எழுத்துரு, அதே 18இல் சிறுத்துத் தெரியும். எழுத்துருவை மாற்றினால் அளவையும் கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும்.

எடையில் SemiBold போதும். மெலிந்த எழுத்தை வெளிக்கோடு அமுக்கிவிடும். மிகத் தடித்ததில் ணகரச் சுழிகள் அடைத்துக்கொண்டு னகரத்தோடு குழம்பும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை மூன்றிலும் இந்த எடை உண்டு, மூன்றும் இலவசம். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு காட்டுவது அந்தச் சின்னக் கீழ்க்கால்தான். தேர்ந்தெடுக்கும்போது அது நீளமாக இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தைச் சாய்க்க வேண்டாம். தமிழில் பெரும்பாலும் கணினிதான் நிமிர்ந்த எழுத்தை இழுத்துச் சாய்க்கிறது. புள்ளி அடுத்த எழுத்தின் தலைக்குப் போய்விடும்.

கடைசியாக ஒரு சோதனை. "கொண்டைச் சேவல் கூவும்" என்று ஒரு வரி போட்டுப் பாருங்கள். கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ, புள்ளி வட்டம் ஒன்று முளைத்தாலோ, மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துகளைக் கோக்கத் தெரியவில்லை என்று பொருள். எந்த எழுத்துருவும் அதைக் காப்பாற்றாது. எழுத்து ஒழுங்காக வந்து, ஆனால் நீங்கள் கேட்ட வடிவத்தில் இல்லையென்றால், அந்த எழுத்துரு கணினியில் நிறுவப்படவில்லை. மென்பொருள் சொல்லாமல் வேறொன்றைப் போட்டிருக்கிறது. பெரிய நிறுவனங்களின் படங்களிலும் இந்த மாற்று எழுத்து வந்து நிற்பதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

எழுத்துரு வடிவமைக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புத்தகத்துக்கு வரைந்த புள்ளி திரைக்குப் போதாது. திரைக்கென்று ஒரு வடிவம் செய்யும்போது புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்கி, எழுத்தின் தலையிலிருந்து சற்றே தள்ளி வையுங்கள்.